சரக்கு மாஸ்டர் எழுதிய விலகல் கடிதம்

ஓட்டல் சமையல்கட்டில் வேலையை விடுவதற்குப் பெரும்பாலும் கடிதம் எழுதுவதில்லை. "ஊர்ல திருவிழா, நாலு நாள் போய்ட்டு வந்துர்றேன் முதலாளி" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார்கள். நாலு நாள் எட்டு நாளாகும், போன் அணைந்திருக்கும். பத்தாவது நாள் பக்கத்துத் தெருவில் புதிதாக ஒரு மெஸ் திறந்திருப்பதாகவும், அங்கே வத்தக்குழம்பு அச்சு அசலாக நம் கடை ருசியில் இருப்பதாகவும் ஒரு வாடிக்கையாளர் வந்து சொல்வார். முதலாளிக்கு அப்போதுதான் விஷயம் புரியும்.

இப்படிப் போவதில் மாஸ்டருக்குக் கூச்சமில்லாத சௌகரியம் இருக்கிறது. நட்டமும் அவருக்குத்தான். எவ்வளவு நட்டம் என்பதை ஒரு மாதிரிக் கடிதத்தை வைத்துப் பார்க்கலாம். மதுரையில் முப்பது பேர் வேலை செய்யும் ஒரு சைவ ஓட்டல் என்று வைத்துக்கொள்வோம். அங்கே சாம்பார், குழம்பு, கூட்டு, குருமா, சட்னி எல்லாவற்றுக்கும் பொறுப்பான சரக்கு மாஸ்டர்தான் தலைமைச் சமையல்காரர். தோசை மாஸ்டர், டீ மாஸ்டர், கிரைண்டர் ஆள் எல்லாரும் அவர் கண்ணசைவில் இயங்குகிறவர்கள். அவர் கொடுக்கும் கடிதம் இது.

"மதுரை, 25.09.2025.

முதலாளி அவர்களுக்கு வணக்கம். நான் 14.04.2014 முதல் நமது ஓட்டலில் வேலை பார்த்து வருகிறேன். சொந்தமாக மெஸ் தொடங்க இருப்பதால், 31.10.2025 அன்று வேலை நேரம் முடிந்ததும் பணியிலிருந்து விலகிக்கொள்கிறேன். புரட்டாசிச் சனிக்கிழமைகளும் தீபாவளிப் பலகார வேலையும் முடியும்வரை வழக்கம்போல் இருப்பேன்.

நான் வாங்கிய முன்பணத்தில் பாக்கி 30,000 ரூபாய். செப்டம்பர், அக்டோபர் சம்பளங்களில் பாதிப்பாதியாகப் பிடித்துக்கொள்ளச் சம்மதம். மீதிச் சம்பளத்தையும் பணிக்கொடையையும் கணக்கு முடித்துத் தருமாறும், பி.எஃப். கணக்கில் நான் விலகிய தேதியைப் பதிவு செய்யுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

அக்டோபர் 21 முதல் கடைசி நாள்வரை புது மாஸ்டரோடு நின்று வேலை காட்டித் தருகிறேன். அளவுகளை நோட்டில் எழுதித் தருகிறேன். கடைசி நாளில் ஸ்டோர் சரக்கை எண்ணிச் சாவியோடு ஒப்படைக்கிறேன். இப்படிக்கு…"

அவ்வளவுதான். நன்றியுரை கிடையாது, குறை சொல்லவும் இல்லை. பதினோரு வருடத்தில் மனத்தாங்கல் ஏதும் இல்லாமல் இருக்காது. அதையெல்லாம் நேரில் பேசித் தீர்க்கலாம், தீர்க்காமலும் விடலாம். காகிதத்தில் நிற்க வேண்டியவை தேதி, பணம், ஒப்படைப்பு ஆகிய மூன்றும்தான்.

தேதியைக் கவனியுங்கள். 2025இல் விஜயதசமி அக்டோபர் 2ஆம் தேதி வந்தது. புதுக் கடை திறக்க அதைவிட நல்ல நாள் கிடைக்குமா என்று மாஸ்டரின் வீட்டில் சொல்லியிருப்பார்கள். அதற்காகச் செப்டம்பர் 30ஆம் தேதி வேலையை விட்டிருந்தால், ஓட்டலைப் புரட்டாசியின் நடுவில் கைவிட்டதாகும். அசைவம் தவிர்க்கிறவர்கள் எல்லாம் சைவ ஓட்டலுக்குத் திரும்பும் மாதம் அது. அதோடு, பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் அவர் கையைவிட்டும் போயிருக்கும். காரணம் பணிக்கொடைக் கணக்கு.

பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்தில் ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு, விலகும்போது கிராஜுவிட்டி என்னும் பணிக்கொடை உண்டு. அவராகவே விலகினாலும் உண்டு. முதலாளி அனுப்பினால்தான் கிடைக்கும் என்று நினைக்கும் மாஸ்டர்கள் நிறையப் பேர். 1972ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த கணக்கு எளிமையானது. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 26ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி. அதை 15ஆல் பெருக்கினால் ஓர் ஆண்டுக்கான தொகை.

நம் மாஸ்டருக்குக் கையில் வருவது மாதம் 32,000 ரூபாய். அதில் அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 18,000, மீதி மற்ற படிகள். 18,000ஐ 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 10,385 ரூபாய். செப்டம்பர் 30 அன்று அவர் சேர்ந்து 11 ஆண்டும் ஐந்தரை மாதமும் ஆகியிருக்கும். ஆறு மாதத்தைத் தாண்டாத துண்டைச் சட்டம் கணக்கில் எடுக்காது. எனவே 11 ஆண்டுக்கு 1,14,231 ரூபாய். அக்டோபர் 31 அன்றோ 11 ஆண்டு, ஆறு மாதம், பதினேழு நாள். ஆறு மாதத்தைத் தாண்டிவிட்டதால் அது முழு ஆண்டு. 12 ஆண்டுக்கு 1,24,615 ரூபாய். ஒரு மாதம் பொறுத்ததற்கு ஒரு கிரைண்டரின் விலையில் பெரும்பகுதி வந்துவிடுகிறது.

இந்தச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. 15 நாள் கணக்கு அப்படியே இருக்கிறது. மாறியது சம்பளம் என்பதன் வரையறை. 32,000 ரூபாய் வாங்குகிறவருக்கு அடிப்படை 8,000 என்று எழுதி, மீதியைப் படிகளாகக் காட்டும் வழக்கம் பல இடங்களில் உண்டு. இனி படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் சம்பளத்தோடு சேர்த்தே எண்ணப்படும். அப்படிப்பட்டவருக்குக் கணக்கு 8,000இல் அல்ல, 16,000இல் தொடங்கும்.

சொல்லாமல் நின்றுவிட்டவர் கதி என்ன? பணிக்கொடை உரிமை அதனால் மட்டும் அழிந்துவிடாது. ஆனால் எந்தத் தேதியில் விலகினார் என்பதே வழக்காகிவிடும். வருகைப் பதிவேடு முதலாளியிடம் இருக்கிறது. முன்பணப் பாக்கி எவ்வளவு என்பதற்கும் அவருடைய நோட்டுதான் சாட்சி. ஓட்டல் தொழிலில் மாஸ்டரைக் கட்டிப்போடும் கயிறே இந்த முன்பணம்தான். சேரும்போது வாங்கியது, தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கியது, ஆஸ்பத்திரிக்கு வாங்கியது என்று ஏறிக்கொண்டே இருக்கும், எழுத்தில் இருக்காது. அதனால்தான் கடிதத்தில் பாக்கித் தொகையை மாஸ்டரே முந்திக்கொண்டு எழுதுகிறார். கேட்பதற்கு முன்னால் கடனை ஒப்புக்கொள்வது ஏமாளித்தனமாகத் தோன்றலாம். முப்பது என்று அவர் எழுதி, முதலாளி மறுக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு அது அறுபது ஆக வழியில்லை.

பி.எஃப். பற்றிய வரி சின்னது, மறக்கக்கூடியது. விலகிய தேதி பதிவாகாவிட்டால் பணம் கேட்கும் விண்ணப்பம் முட்டி நிற்கும். பத்து ஆண்டு சேவையைத் தாண்டியவருக்கு ஓய்வூதியப் பகுதியைக் கையில் வாங்க முடியாது. 58 வயதில் மாதாமாதம் வரும். ஆகவே அதை மெஸ் முதலீட்டுக் கணக்கில் சேர்த்துக்கொண்டு மேசை நாற்காலிக்கு ஆர்டர் கொடுத்துவிடக் கூடாது.

"மெஸ் தொடங்க இருப்பதால்" என்று காரணத்தை எழுத வேண்டுமா? குடும்பச் சூழ்நிலை என்று எழுதித் தப்பித்துக்கொள்வதுதான் வழக்கம். எழுதுவதே நல்லது என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம். கடைக்கு அட்வான்ஸ் கொடுத்த அன்றே செய்தி காய்கறி மார்க்கெட் வழியாக முதலாளிக்குப் போய்விடும். மறைத்தால் அக்டோபர் முழுவதும் ஸ்டோரில் குறையும் ஒவ்வொரு கிலோ பருப்புக்கும் மாஸ்டர் மேல் கண் விழும். வேலையில் இருக்கும் காலத்தில் முதலாளிக்கு எதிராகத் தொழில் நடத்தக் கூடாது என்பதைச் சட்டமும் ஒப்புக்கொள்கிறது. கடை பார்ப்பது, வர்த்தக சிலிண்டருக்கு எழுதிக்கொடுப்பது, உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்வது எல்லாம் ஆயத்தம்தான். ஓட்டல் மளிகைக் கணக்கில் இரண்டு டின் எண்ணெய் எடுத்து வைப்பது வேறு கதை.

விலகிய பிறகு? "இரண்டு வருஷத்துக்கு இந்த ஊரில் கடை போடக் கூடாது" என்று சேரும்போது எழுதி வாங்கியிருந்தால்கூட அது செல்லாது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, ஒருவர் சட்டப்படியான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தத்தை அந்த அளவில் செல்லாததாக்குகிறது. ஓட்டலுக்கு எதிரிலேயே மெஸ் போடலாம்.

சாம்பாரின் சங்கதி இன்னும் சுவாரசியமானது. பதினோரு வருடம் ஓட்டலில் வைத்த சாம்பார் யாருடையது? பொருள்களும் அளவுகளும் கொண்ட வெறும் பட்டியலுக்குப் பதிப்புரிமை கிடையாது. வியாபார ரகசியத்துக்கென்று தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. ஒப்பந்தம் போட்டுக் காத்துவந்த ரகசியத்தை, பொடி ஃபார்முலா எழுதிய ஏட்டையே தூக்கிப்போவது போன்றதை, நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். கைப்பழக்கத்தை யாரும் கழற்றி வாங்க முடியாது.

இங்கேதான் அந்த அளவு நோட்டின் அருமை தெரியும். நூறு சாப்பாட்டுக்கு இத்தனை கிலோ அரிசி, இத்தனை பருப்பு, இத்தனை புளி என்று எழுதிவிடலாம். நல்ல மாஸ்டர் அதோடு நிறுத்த மாட்டார். புது அரிசி வந்தால் தண்ணீரைக் குறைக்கணும். பழம்புளிக்கும் புதுப் புளிக்கும் நிறமும் புளிப்பும் வேறு, கரைத்து நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் அளவு. வெயில் காலத்தில் மாவை ராத்திரி பிந்தி ஆட்டணும், இல்லாவிட்டால் விடியலில் பொங்கி வழிந்து இட்லி புளிக்கும். இதையெல்லாம் எழுதிவைத்தால் புது மாஸ்டர் முதல் வாரத்தைத் தாண்டுவார். எழுதாவிட்டால், "பழைய ஆள் வேணும்னே கெடுத்துட்டுப் போயிட்டான்" என்ற பேச்சு வரும்.

கடிதத்தில் இல்லாத ஒன்றும் உண்டு. "உங்கள் ஆட்கள் யாரையும் அழைத்துக்கொள்ள மாட்டேன்" என்று அவர் எழுதவில்லை. முதலாளிகளுக்கு மாஸ்டர் போவதைவிட, கிரைண்டர் ஆளும் காய் வெட்டுகிறவரும் பின்னாலேயே போவதில்தான் கோபம். வேலையை மாற்றிக்கொள்வது அந்த ஆளின் உரிமை. ஆனாலும் ஒரே வாரத்தில் சமையல்கட்டைக் காலி செய்தால், கணக்கு முடிப்பது வருடக் கணக்கில் இழுக்கும். இதை நேரில் வாய்வார்த்தையாகப் பேசுவதே சரி. மெஸ் என்பது ஆறேழு மேசை, ஒரே வகைச் சாப்பாடு, மாதக் கணக்குக்காரர்கள் என்று தொடங்குவது. ஆரம்பத்தில் மனைவியும் மச்சானும் போதும்.

கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு கையெழுத்து வாங்க வேண்டும். முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளலாம். பணிக்கொடைக்கு விலகிய முப்பது நாளுக்குள் தனியே விண்ணப்பம் கொடுப்பது முறை.

நவம்பர் 17, கார்த்திகை முதல் தேதி. மாலை போட்ட ஐயப்பசாமிகள் சைவச் சாப்பாடு தேடும் நாளில் மெஸ் திறக்கிறது என்று வைத்துக்கொண்டால், எஞ்சியிருப்பது பெயர்ப்பலகை. பழைய ஓட்டலின் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு, "மாஸ்டர் கைப்பக்குவம்" என்று சின்ன எழுத்தில் எழுதும் ஆசை எல்லாருக்கும் வரும். அந்தப் பெயர் முதலாளியுடையது. அவர் கிளை திறந்துவிட்டார் என்று சனங்கள் நினைக்கும்படி எழுதினால் வழக்குப் போட அவருக்கு இடமுண்டு. மாஸ்டர் தன் அம்மா பெயரையோ குலசாமி பெயரையோ வைத்துக்கொள்ளலாம். பழைய வாடிக்கையாளர்கள் முதல் வாரமே சாம்பாரை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.