மடிப்பில் மறைந்த கழித்தல் குறி

பத்தாம் வகுப்பு படிக்கும் அக்கா மகள் போன வாரம் ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தாள். வினாத்தாளை மடித்துப் பையில் வைத்திருந்து, பிறகு விரித்துப் படம் எடுத்திருக்கிறாள். “மாமா, காரணிப்படுத்தச் சொல்லியிருக்காங்க. பாதியில நின்னுடுச்சு” என்றாள்.

படத்தில் நான் படித்ததும் அவள் படித்தது போலத்தான் இருந்தது: 6x³ − 11x² + 3x + 2. கெழுக்களைக் கூட்டினால் பூச்சியம். அப்படியென்றால் x − 1 ஒரு காரணி. தொகுமுறை வகுத்தலில் ஈவாக வந்தது 6x² − 5x − 2. அதன் தன்மைகாட்டி 25 + 48 = 73. அது முழுவர்க்கம் இல்லை, ஆகவே முழு எண் கெழுக்களோடு அதற்குக் காரணிகள் கிடையாது.

இருபடி உடையாததால் மட்டும் கணக்கு தப்பு என்று சொல்லிவிட முடியாது. பின்னமாக எழுத முடியாத மூலங்களும் உண்டுதான். ஆனால் வினா காரணிப்படுத்தச் சொல்கிறது. எனவே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தாளின் செங்குத்து மடிப்பு 3x-க்கு முன்னால் இருந்த கழித்தல் குறியின் நடுவே போயிருந்தது. மடிப்பின் நிழல்தான் அதைக் கூட்டல் குறியாக்கியிருக்கிறது. உண்மையான கோவை 6x³ − 11x² − 3x + 2.

இப்போது கெழுக்களின் கூட்டுத்தொகை −6; x − 1 காரணி இல்லை. கண்டபடி எண்களைப் போட்டுப் பார்க்க வேண்டியதும் இல்லை. சுருக்கிய பின்னம் p/q மூலமானால், அதைப் பிரதியிட்டு q³-ஆல் பெருக்குங்கள்:

6p³ − 11p²q − 3pq² + 2q³ = 0

முதல் மூன்று உறுப்புகளிலும் p இருக்கிறது. ஆகவே நான்காவதான 2q³-ஐயும் p வகுத்தாக வேண்டும். p-க்கும் q-வுக்கும் பொதுக்காரணி இல்லாததால் p, 2-ஐ வகுக்கும். இதே வழியில் q, 6-ஐ வகுக்கும். மூலமாகக் கூடியவை 1, 2, 1/2, 1/3, 2/3, 1/6 ஆகிய ஆறும் அவற்றின் எதிர் எண்களும்தான். மொத்தம் பன்னிரண்டு.

முழு எண்களை முதலில் பார்ப்பது என் வழக்கம். 1 போட்டால் −6, −1 போட்டால் −12. இரண்டைப் போட்டால் 48 − 44 − 6 + 2 = 0. மாட்டிக்கொண்டது.

தொகுமுறை வகுத்தலில் 6-ஐ அப்படியே கீழே இறக்குகிறோம். 12-உடன் −11 சேர்ந்து 1, 2-உடன் −3 சேர்ந்து −1, −2-உடன் 2 சேர்ந்து 0. ஈவு 6x² + x − 1. தன்மைகாட்டி 1 + 24 = 25, முழுவர்க்கம். பெருக்கினால் −6, கூட்டினால் 1 தரும் எண்கள் 3, −2. நடு உறுப்பைப் பிரித்தால் 3x(2x + 1) − 1(2x + 1). ஆக, காரணிகள் (x − 2)(2x + 1)(3x − 1).

மடிப்பு விழுந்த தாளைப் படம் எடுத்து அனுப்பும்போது, கோவையைத் தனியே ஒரு வரி தட்டச்சு செய்தும் அனுப்புங்கள்.