நாலாவது ஆள் வரும்வரை

ராத்திரி எட்டரை மணிக்கு ஒருவர் புதிதாக வந்த கேரம் ஆப்பைத் திறந்து 'விளையாடு' என்ற பொத்தானை அழுத்துகிறார். 'ஆட்களைத் தேடுகிறது' என்று எழுத்து வருகிறது, கீழே ஒரு வட்டம் சுற்றுகிறது. ஒரு நிமிடம் பொறுப்பார். இரண்டாவது நிமிடத்தில் வாட்ஸப்புக்குப் போய்விடுவார். பெரிய கம்பெனிகளின் விளையாட்டில் எந்நேரமும் ஆள் நிறைந்திருப்பதால் அந்த வட்டம் சில நொடிகளில் நின்றுவிடும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து செய்த ஆப்புக்கு அந்த வசதி கிடையாது. அங்கே வட்டத்துக்குப் பின்னால் என்ன நடக்கிறது, அதைச் சரியாகச் செய்வது எப்படி என்று பார்க்கலாம். உதாரணத்துக்கு நான்கு பேர் இரண்டு ஜோடியாக ஆடும் கேரம் விளையாட்டையே எடுத்துக்கொள்வோம்.

இந்த மாதிரி விளையாட்டில் உண்மையான போர்டு உங்கள் போனில் இல்லை, சர்வரில் இருக்கிறது. ஸ்ட்ரைக்கரை எங்கே வைத்தீர்கள், எந்தப் பக்கம் பார்த்து, எவ்வளவு வேகமாக அடித்தீர்கள் என்பதை மட்டும் போன் அனுப்பும். காய்கள் எங்கெங்கே மோதின, எது குழியில் விழுந்தது, ஃபைன் உண்டா, அடுத்து யார் முறை என்பதையெல்லாம் சர்வர் கணக்குப் போட்டு நான்கு போன்களுக்கும் சொல்லும். போனின் வேலை அதைப் படமாகக் காட்டுவது மட்டும்தான். 'ரெட் விழுந்துவிட்டது' என்று போன் சொன்னால் சர்வர் நம்பாது. நம்பினால், ஆப்பைப் பிரித்து மாற்றத் தெரிந்த முதல் ஆளே எல்லா ஆட்டத்தையும் ஜெயித்துவிடுவான். இன்னொரு காரணமும் உண்டு. தசமக் கணக்கில் கடைசி இலக்கங்களை எல்லாப் போன்களும் ஒரே மாதிரி முடிப்பதில்லை. நான்கு போன்களும் தனித்தனியாகக் கணக்குப் போட்டால், பத்துப் பன்னிரண்டு மோதலுக்குப் பிறகு ஒருவர் போனில் குழிக்குள் போன காய் இன்னொருவர் போனில் விளிம்பில் நிற்கும்.

இவ்வளவையும் கவனமாகச் செய்துவிட்டு, லாபியில் கோட்டைவிடுபவர்கள் உண்டு. ஆட்டம் தொடங்குமுன் ஆட்கள் கூடும் இடத்துக்குத்தான் லாபி என்று பெயர். உங்கள் ரேட்டிங் எவ்வளவு, ரெடி அழுத்திவிட்டீர்களா, அறைக்கு யார் தலைவர் என்பதெல்லாம் அங்கேயும் சர்வரின் ஏட்டில்தான் இருக்க வேண்டும். ரேட்டிங்கைப் போனே அனுப்பும்படி விட்டால், ஆட்டத்துக்குள் போட்ட பூட்டுக்கு அர்த்தமில்லை.

இப்போது ஆள் கணக்கு. நம்முடைய ஆப்பில் சராசரியாக 20 நொடிக்கு ஒருவர் 'விளையாடு' அழுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். சின்ன ஆப்புக்கு இது நல்ல கூட்டம். முதலில் வந்தவருக்கு இன்னும் மூன்று பேர் வேண்டும். ஒரு நிமிடத்தில் கிடைத்துவிடுவார்கள். இதில் திருப்தியடையாமல் ஆப் செய்தவர் 'புதியவர், நடுத்தரம், கெட்டிக்காரர்' என்று மூன்று வரிசை வைக்கிறார். இப்போது ஒவ்வொரு வரிசைக்கும் நிமிடத்துக்கு ஒருவர்தான் வருவார். முதல் ஆள் மூன்று நிமிடம் காத்திருக்க வேண்டும். பெரிய ஆப்களைப் பார்த்து 100 காசு மேஜை, 500 காசு மேஜை, 1000 காசு மேஜை என்றும் பிரித்தால் வரிசை ஒன்பது, காத்திருப்பு ஒன்பது நிமிடம். ஒன்பது நிமிடம் யாரும் இருக்க மாட்டார்கள். அவர்கள் கிளம்பிவிடுவதால் வரிசை இன்னும் மெலியும், அடுத்து வருபவரின் காத்திருப்பு இன்னும் நீளும். 'எங்கள் விளையாட்டுக்கு ஆளே வருவதில்லை' என்று சொல்பவர்களில் சிலருக்கு ஆள் வரத்தான் செய்கிறது; வந்தவர்களை ஒருவரையொருவர் பார்க்க முடியாதபடி அவர்களே தடுப்பு கட்டி வைத்திருக்கிறார்கள்.

ஷேர் ஆட்டோ மாதிரி ஒரே வரிசை, நாலு பேர் சேர்ந்ததும் கிளம்பு என்று வைப்பதுதான் சின்ன விளையாட்டுக்குச் சரி. அப்படியானால் கெட்டிக்காரரும் கற்றுக்குட்டியும் ஒரே மேஜையில் மாட்டிக்கொள்ள மாட்டார்களா? மாட்டுவார்கள். ஆனால் நான்கு பேர் ஆட்டத்தில் அதைச் சமாளிக்க ஒரு வழி இருக்கிறது.

செஸ் உலகத்துக்கு ஆர்பாத் ஈலோ என்ற இயற்பியல் பேராசிரியர் தந்த ரேட்டிங் முறையை இணைய விளையாட்டுகள் பலவும் ஏதோ ஒரு வடிவில் பயன்படுத்துகின்றன. உலக செஸ் அமைப்பான ஃபிடே அதை 1970-இல் ஏற்றுக்கொண்டது. அந்தக் கணக்கின்படி இருவரும் சமமென்றால் வாய்ப்பு பாதிக்குப் பாதி. 200 புள்ளி வித்தியாசம் இருந்தால் மேலே இருப்பவர் நூற்றில் சுமார் 76 முறை ஜெயிப்பார். 400 வித்தியாசம் என்றால் 91 முறை.

நம் வரிசையில் வந்து சேர்ந்த நான்கு பேரின் ரேட்டிங் 1720, 1580, 1460, 1300 என்று இருக்கட்டும். மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் 420 புள்ளி இடைவெளி. இவர்களை இரண்டு ஜோடியாகப் பிரிக்க மூன்றே வழிதான். முதல் இருவரை ஒரு பக்கம் போட்டால் அந்த ஜோடியின் சராசரி 1650, எதிர் ஜோடிக்கு 1380. ஆட்டம் நூற்றில் சுமார் 83 முறை ஒரு பக்கம் சாயும். முதலாமவரையும் மூன்றாமவரையும் சேர்த்தால் 1590-க்கு 1440, சுமார் 70 முறை. முதலாமவரோடு கடைசி ஆளைச் சேர்த்தால் 1510-க்கு 1520, கிட்டத்தட்ட சமம். ஆட்களை மாற்றவே இல்லை. உட்கார வைத்த விதத்தை மாற்றியதும் ஆட்டம் போட்டியாகிவிட்டது. ஜோடியின் பலம் சராசரிதான் என்பது முழுக்கச் சரியல்ல, கேரத்தில் ஒரு நல்ல கையே போர்டைத் துடைத்துவிட முடியும். இருந்தாலும் ஆளைத் தேடுவதில் கறாராக இருப்பதைவிட உட்கார வைப்பதில் கவனமாக இருப்பது சின்ன விளையாட்டுக்கு அதிகப் பலன் தரும் என்பது என் கட்சி.

வரிசை கொஞ்சம் நிரம்பிய நேரத்துக்கு ஒரு ஏற்பாடு சேர்த்துக்கொள்ளலாம். முதல் பத்து நொடிக்கு 150 புள்ளிக்குள் இருப்பவர்களை மட்டும் தேடு, ஒவ்வொரு நொடியும் பத்துப் புள்ளி தளர்த்திக்கொண்டே போ, 45 நொடி ஆனால் யாராயிருந்தாலும் சரி என்று சர்வரிடம் சொல்லி வைப்பது. கூட்டமான நேரத்தில் சமமானவர்கள் கிடைப்பார்கள். காற்று வாங்கும் நேரத்தில் ஆட்டமாவது கிடைக்கும்.

நாடு வாரியாகப் பிரிப்பதும் இப்படித்தான். துப்பாக்கி விளையாட்டில் தகவல் போய்வரும் தாமதம் 200 மில்லிநொடியைத் தொட்டால் ஆடுபவருக்கு எரிச்சல் வரும். கேரம் முறை வைத்து ஆடுவது. கால் நொடி தாமதம் யாருக்கும் தெரியாது. மும்பையில் ஒரே ஒரு சர்வர் வைத்து சென்னை, கொழும்பு, லண்டன், டொராண்டோ எல்லோரையும் ஒரே வரிசையில் விடலாம். நமக்கு இரவு இரண்டு மணி ஆகும்போது டொராண்டோவில் பிற்பகல். இங்கே தூக்கம் வராத ஒருவருக்கு மேஜை நிறைவது அவர்களால்தான்.

அடுத்த தலைவலி, ஆள் இருப்பது போலத் தெரிந்து இல்லாமல் இருப்பது. வரிசையில் நின்றவருக்கு அம்மாவிடமிருந்து போன் வருகிறது, ஆப் பின்னால் போகிறது. அல்லது வீட்டு வைஃபையைத் தாண்டித் தெருவுக்கு வந்ததும் போன் மொபைல் டேட்டாவுக்கு மாறி, பழைய இணைப்பு சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போகிறது. சர்வருக்கு இது தெரியாது. சும்மா கிடக்கும் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும் ஏற்பாட்டைப் போட்டாலும், லினக்ஸ் அதைத் தானாகத் தொடங்குவது இரண்டு மணி நேரம் கழித்துத்தான். அதுவரை அந்த ஆள் வரிசையில் பேயாக நிற்பார். மூன்று உண்மையான ஆட்களோடு அவரைச் சேர்த்து மேஜை போட்டால், ஆட்டம் தொடங்கி அவர் முறை வந்ததும் எல்லோரும் வெறும் போர்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இதற்குப் போன் ஐந்து நொடிக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்று சொல்ல வேண்டும். மூன்று முறை சத்தமில்லை என்றால் சர்வர் பெயரை எடுத்துவிட வேண்டும். நாலு பேர் சேர்ந்ததும் நேரே ஆட்டத்துக்குத் தள்ளாமல், பத்து நொடி அவகாசத்தில் ரெடி கேட்க வேண்டும். மூன்று பேர் அழுத்தி ஒருவர் அழுத்தவில்லை என்றால், அந்த மூவரையும் அவர்கள் ஏற்கெனவே காத்திருந்த நேரத்தோடு வரிசையின் முன்னால் நிறுத்த வேண்டும். பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள்: ஒழுங்காக ரெடி அழுத்தியவரையும் வரிசைக் கடைசிக்கு அனுப்பிவிடுகிறார்கள். இரண்டு முறை அப்படி ஆனால் அவர் ஆப்பையே அழித்துவிடுவார்.

நால்வரும் ரெடி என்றானதும் லாபி சர்வர் ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு தரும். இன்னார், இன்ன மேஜை, இன்ன இருக்கை என்று எழுதி ரகசியச் சாவியால் முத்திரை போட்ட சீட்டு. அரை நிமிடத்துக்குள் காட்ட வேண்டும். ஆட்ட சர்வர் முத்திரையைச் சரிபார்த்துத்தான் உள்ளே விடும். ஒரு விஷயம் முக்கியம்: இருக்கையை ஆளின் பெயருக்கு எழுத வேண்டும், இணைப்புக்கு அல்ல. இணைப்புக்கு எழுதினால் நெட் ஒருமுறை துண்டித்துத் திரும்பி வந்தவரை 'மேஜையில் இடமில்லை' என்று அவர் இடத்திலிருந்தே விரட்டிவிடும். ஆள் பெயருக்கு இருந்தால், ஒரு நிமிடத்துக்குள் வந்தவர் விட்ட இடத்தில் தொடரலாம். இடையில் அவர் முறை வந்தால் சர்வர் அதைக் கடத்திவிடும்.

தெரிந்தவர்கள் மட்டும் ஆட அறைக் குறியீடு வைப்பது வழக்கம். அமங் அஸ் விளையாட்டில் முதலில் நான்கு எழுத்தாக இருந்த குறியீடு பிறகு ஆறாயிற்று. நான்கு ஆங்கில எழுத்தில் சுமார் 4.57 லட்சம் குறியீடுகள்தான் வரும். ஆறில் 30 கோடியைத் தாண்டும். எழுத்து கூடக்கூட, ஊகித்து அடுத்தவர் அறைக்குள் நுழைவது கஷ்டம். நம் ஊரில் குறியீட்டைப் போனிலேயே சொல்லிவிடுவார்கள் என்பதால் B, D, P, T போன்றவை காதில் குழம்பும்; எழுதும்போது O-வும் 0-வும் குழம்பும். இவற்றை விலக்கிவிட்டுத் தயாரிப்பது நல்லது. இந்த அறைகளில் ஆடும் ஆட்டத்துக்கு ரேட்டிங் தரவே கூடாது. தந்தால் நண்பர்கள் மாற்றி மாற்றித் தோற்று, யாராவது ஒருவரை உச்சத்தில் ஏற்றிவிடுவார்கள்.

இத்தனைக்குப் பிறகும் நாலாவது ஆள் வராவிட்டால் கம்ப்யூட்டரை உட்கார வைக்கலாம். அதற்கு 'ரமேஷ்', 'பிரியா' என்று பெயர் சூட்டி மனிதர் மாதிரி ஏமாற்றுவதை நான் ஏற்க மாட்டேன். கம்ப்யூட்டர் என்றே எழுதுங்கள், அந்த ஆட்டத்துக்கு ரேட்டிங் போடாதீர்கள். 'தினமும் இரவு ஒன்பது மணிக்கு வாருங்கள்' என்று ஆப்பிலேயே எழுதி வைப்பது அதைவிட நல்ல வழி. நாள் முழுக்கச் சிதறி வரும் ஆட்கள் ஒரே மணி நேரத்தில் கூடுவார்கள்.

ஆடுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வட்டம் சுற்றுவது பொறுக்காமல் வெளியேறுவதாக இருந்தால், வேறு ஆப்புக்குத் தாவாமல் 'ரத்து' பொத்தானை அழுத்திவிட்டுப் போங்கள். காத்திருக்கும் மற்ற மூவருக்கும் கால் நிமிடம் மிச்சமாகும்.