ஒரே பெயரில் இரண்டு தீர்ப்புகள்

ஊழியர்களிடம் ஆதார் எண்ணைக் கட்டாயமாகக் கேட்கலாமா என்று ஒரு தனியார் நிறுவனம் வழக்கறிஞரிடம் சட்டக் கருத்துரை கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். தனியுரிமை அடிப்படை உரிமை என்று எழுதும் வழக்கறிஞர், அடிக்குறிப்பு 5-இல் 2017-ஆம் ஆண்டின் புட்டசாமி தீர்ப்பைக் காட்டுகிறார்: (2017) 10 எஸ்.சி.சி. 1. ஒன்பது நீதிபதிகள் தந்த தீர்ப்பு அது. அடுத்த வாக்கியமும் அதே தீர்ப்பையே சார்ந்திருப்பதால், அடிக்குறிப்பு 6-இல் 'மேற்படி' என்று மட்டும் போடுகிறார்.

வரைவைப் படிக்கும் மூத்த வழக்கறிஞர், இரண்டுக்கும் நடுவே ஆதார் வழக்கைச் சேர்க்கச் சொல்கிறார். 2018 செப்டம்பரில் ஐந்து நீதிபதிகள் தந்த அத்தீர்ப்பு (2019) 1 எஸ்.சி.சி. 1-இல் இருக்கிறது. அதற்கும் புட்டசாமி என்றே பெயர். கணினி எண்களைத் தானாகவே மாற்றிவிடும். பழைய 6 இப்போது 7. ஆனால் அங்குள்ள 'மேற்படி' இனி ஆதார் தீர்ப்பையே சுட்டும். தனியுரிமையை நிலைநாட்டிய தீர்ப்பின் இடத்தில், ஆதார் சட்டத்தின் பெரும்பகுதியை ஏற்ற தீர்ப்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது. எண் வரிசையில் பிழை இல்லை, பெயரும் ஒன்றே. அதனால்தான் பலமுறை படித்தாலும் இது கண்ணில் படுவதில்லை.

'குறிப்பு 8 காண்க' என்று கையால் தட்டச்சு செய்ததும் இப்படித்தான் பிசகும். 8 இப்போது 9 ஆகியிருக்கும், தட்டச்சு செய்த எண் மாறாது. வேர்டு மென்பொருளின் Cross-reference வசதியைக் கொண்டு அந்த எண்ணைச் செருகியிருந்தால், Ctrl+A, பிறகு F9 அழுத்தினால் புதுப்பித்துக்கொள்ளும். ஆனால் உரைப்பகுதியில் இருந்து அழுத்தினால் அடிக்குறிப்புகளுக்குள் இருப்பவை மாறுவதில்லை. ஏதாவதொரு அடிக்குறிப்புக்குள் சென்று மறுபடி அழுத்த வேண்டும்.

எண் நிற்கும் இடமும் பொருளை மாற்றும். ஒரே வாக்கியத்தில் இரண்டு கூற்றுகள் இருந்து, தீர்ப்பு முதலாவதை மட்டும் ஆதரித்தால், எண் முதல் கூற்றை அடுத்தே வர வேண்டும். வாக்கியத்தின் கடைசியில் போட்டால், வழக்கறிஞரின் சொந்தக் கருத்தும் உச்ச நீதிமன்றம் சொன்னதாகத் தோன்றும். குறிப்புகளையெல்லாம் கடைசிப் பக்கங்களில் திரட்டும் இறுதிக்குறிப்பு முறையில் இதைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம், வாசகர் ஒவ்வொரு முறையும் பின்னால் புரட்டிப் பார்ப்பதில்லை.

ஆகவே கடைசித் திருத்தம் முடிந்த பிறகே சரிபார்க்க வேண்டும். அச்செடுத்து, ஒவ்வொரு 'மேற்படி'க்குப் பக்கத்திலும் அது குறிக்கும் தீர்ப்பை முழுமையாகப் பென்சிலால் எழுதிப் பாருங்கள். பின்னர் தீர்ப்பையே திறந்து தரப்பினர், தேதி, நீதிபதிகளின் எண்ணிக்கை, பத்தி ஆகியவற்றை ஒப்பிடுங்கள். ஏ.ஐ.ஆர். தொகுப்பில் பார்த்த பத்தி எண்ணை எஸ்.சி.சி. மேற்கோளோடு ஒட்டிவிடக் கூடாது. பழைய தீர்ப்புகளில் இரண்டும் பெரும்பாலும் வேறுபடும்.

கருத்துரையைக் கையில் வாங்குபவருக்கும் ஒரு வேண்டுகோள். அதன் முடிவு எந்தத் தீர்ப்பின் மேல் நிற்கிறதோ, அந்த ஒன்றையாவது திறந்து பாருங்கள். உச்ச நீதிமன்றத்தின் இணையதளத்தில் தீர்ப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன.