நொய் எங்கே பிறக்கிறது?

நொய் அதிகமானால் பல மில்களில் கை முதலில் போவது பாலிஷருக்குத்தான். ஷெல்லர், பாலிஷர், கிரேடர் மூன்றுக்கும் ஆங்கிலக் கையேட்டில் தனித்தனி அத்தியாயங்கள் இருக்கும். அதை அதே வரிசையில் தமிழாக்கினால், எந்தப் பக்கத்தைத் திறப்பது என்றே மில்காரருக்குத் தெரியாது. தமிழ்க் கையேடு அவர் கண்ணில் படும் குறையிலிருந்து தொடங்கினால்தான் பயன்படும்.

நொய் கூடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பாலிஷருக்குள் போகும் அரிசியில் ஒரு பிடி, வெளியே வருவதில் ஒரு பிடி எடுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். போகும்போதே உடைந்திருந்தால் பாலிஷரைத் தொட வேண்டாம். ஷெல்லரைப் பார்க்க வேண்டும்.

ஷெல்லரில் இரண்டு ரப்பர் ரோலர்கள் எதிரெதிராக, வெவ்வேறு வேகத்தில் சுழல்கின்றன. அந்த வேக வித்தியாசம்தான் உமியைக் கிழிக்கிறது. ரோலர் இடைவெளியைக் கையேடு மில்லிமீட்டரில் சொல்லும். ஆனால் ரப்பர் தேயத் தேய இடைவெளி மாறிக்கொண்டே இருக்கும். அதனால் அந்த அளவோடு ஓர் எண்ணும் முறையையும் சேர்த்து எழுதுவது நல்லது: ரோலருக்குக் கீழே விழுவதில் 100 மணி எடுத்தால், 85 முதல் 90 வரை உமி நீங்கியிருக்க வேண்டும். 70தான் என்றால் ரோலரைச் சற்று நெருக்கலாம். நூறையும் உரிக்க நினைத்து நெருக்கினால் அரிசி உடையும். உரியாத நெல்லைப் பிரித்துத் திருப்பி அனுப்ப செப்பரேட்டர் இருக்கிறதே!

நெருக்கியும் உமி போகாமல் அரிசி மட்டும் உடைந்தால், வேகமாகச் சுழலும் ரோலர் தேய்ந்து வேக வித்தியாசம் குறைந்திருக்கலாம். இரண்டு ரோலர்களையும் இடம் மாற்றிப் பூட்ட வேண்டும்.

உள்ளே போகும் அரிசி முழுசாக இருந்து, வெளியே வருவது உடைந்து, தொட்டால் சுடுகிறதா? அப்போதுதான் பாலிஷர் முறை. வெளிவாய் எடையைக் குறைத்து அழுத்தத்தைத் தளர்த்த வேண்டும். தவிடு போதிய அளவு போகாவிட்டால் ஒரே பாஸில் முடிக்காமல் இரண்டு பாஸாக ஓட்டலாம். புழுங்கல் அரிசிக்குப் பச்சரிசியைவிட அதிக அழுத்தம் தேவை. அதனால் இரண்டுக்கும் தனித்தனி அட்டவணை போடுவது அவசியம்.

கிரேடர் நொய்யை உண்டாக்குவதில்லை, பிரிக்க மட்டுமே செய்கிறது. குழி உருளைக் கிரேடரில் சின்னத் துண்டுகள் குழியில் தங்கி உயரே போய் உள்தொட்டியில் விழும். நொய்யோடு முழு அரிசியும் வந்தால் தொட்டியின் விளிம்பை உயர்த்த வேண்டும். நல்ல அரிசியில் நொய் கலந்திருந்தால் தாழ்த்த வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு சோதனையைக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே போட்டுவிடலாம். பத்து நெல்லைக் கையால் உரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். அரிசியில் குறுக்கு விரிசல் தெரிந்தால் அது பெரும்பாலும் காயவைத்ததில் வந்த கோளாறு. எந்தத் திருகும் அதைச் சரிசெய்யாது.