அடிக்குறிப்பு இல்லாத விமர்சனம்

‘நெல்லைப் பக்கத்துப் பையன், சட்டக் கல்லூரி, கூடப் படிக்கும் வேறு சாதிப் பெண். மீதியைச் சொல்லவா வேண்டும்?’ மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ (2018) பற்றிய விமர்சனம் இப்படித் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். நமக்கு அந்த இடத்திலேயே வயிற்றைக் கலக்கும். அதே வரிகளை ஆங்கிலத்தில் படிக்கும் வெளிநாட்டு வாசகரோ, இனிமையான கல்லூரிக் காதல் கதை என்று எண்ணிக்கொள்வார். தமிழ் விமர்சகர் சொல்லாமல் விட்டதில்தான் படமே இருக்கிறது.

அதையெல்லாம் அடிக்குறிப்பில் போட்டு நிரப்பலாம். ஆனால் விமர்சனம் படிப்பவர் படத்துக்குப் போகலாமா என்று தெரிந்துகொள்ள வந்தவர். பக்கத்தின் அடிக்கும் மேலுக்கும் அவரை நாலு முறை ஓடவைத்தால், இது படமல்ல, பாடம் என்று முடிவுகட்டிவிடுவார். விளக்கத்தைக் கதை சொல்லும் வாக்கியத்துக்குள்ளேயே கரைத்துவிடுவதுதான் வழி.

முதலில் அந்தப் பயத்தைக் கொண்டுவர வேண்டும். ஆணவக் கொலை பற்றித் தனிப் பத்தி தேவையில்லை. படத்தில் வரும் கிழவரே போதும். சாதி மீறிப் பழகும் இளைஞர்களைக் கொன்றுவிட்டு, விபத்தாகவோ தற்கொலையாகவோ தெரியும்படி செய்துவிட்டுப் போகிறவர் அவர். ‘பரியனும் ஜோவும் நட்பாகப் பழகுகிறார்கள். இப்படிப் பழகியவர்களை ஓசைப்படாமல் முடித்துவிடும் முதியவர் ஒருவரும் இதே ஊர்களில் நடமாடுகிறார்.’ ஆங்கிலத்தில் இந்த இரண்டு வாக்கியங்கள் போதும். விளக்கமும் வந்துவிட்டது, கதையும் நகர்ந்துவிட்டது.

அடுத்தது சாதி. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். ஜோவின் குடும்பத்தை ‘மேல்சாதி’ என்று மட்டும் மொழிபெயர்த்தால், இந்தியாவைப் பற்றி ஓரளவு படித்த வெளிநாட்டவர் உடனே பிராமணர் என்று நினைப்பார். படம் காட்டும் மோதல் அதுவல்ல. ஊரில் நிலமும் ஆள்பலமும் வைத்திருக்கும் இடைநிலைச் சாதிக்கும் தலித்துகளுக்கும் இடையே நடப்பது அது. ஆகவே ‘வட்டாரத்தில் செல்வாக்குள்ள, நிலம் வைத்திருக்கும் சாதி’ என்று எழுதுவதே சரி. குறிப்பிட்ட சாதியின் பெயரை விமர்சகர் எழுதாமல் விட்டிருந்தால், தெளிவுக்காக என்று மொழிபெயர்ப்பாளர் அதைச் சேர்க்கக் கூடாது. அது விமர்சகர் யோசித்து எடுத்த முடிவாக இருக்கலாம். ‘ஏழைப் பையன், பணக்காரப் பெண்’ என்று வர்க்கக் கதையாக மாற்றுவது இதைவிடப் பெரிய தவறு. பரியனிடம் நாளைக்கே பணம் வந்தாலும் அவன் சிக்கல் தீராது.

மூன்றாவது, ஆங்கிலம். வகுப்பில் ஆங்கிலத்தில் நடக்கும் பாடம் புரியாமல் பரியன் கூனிக் குறுகுகிறான். ஜோ அவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதில்தான் நட்பே வளர்கிறது. ஆனால் ஆங்கில சப்டைட்டிலோடு பார்ப்பவருக்குத் திரையில் ஓடும் எழுத்தெல்லாம் ஆங்கிலம். ஆசிரியர் எந்த மொழியில் பேசுகிறார், பையன் எந்த மொழியில் தவிக்கிறான் என்ற வித்தியாசம் அவருக்கு எளிதில் பிடிபடாது. நம் விமர்சகர் இதைச் சொல்லத் தேவையில்லாமல் விட்டிருப்பார். ஆங்கில வடிவத்திலோ ‘ஆசிரியர் ஆங்கிலத்தில் பேசுகிறார், தமிழ் வழியில் படித்து வந்த பையனுக்கு ஒரு சொல்லும் ஏறவில்லை’ என்று கட்டாயம் சேர்க்க வேண்டும். தமிழில் இல்லாத வாக்கியத்தை எழுதுவது துரோகமல்ல; தமிழ் வாசகருக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் இன்னொருவருக்கும் கொடுக்கிறோம்.

சில விளக்கங்களை, அவை தேவைப்படும் இடத்தில் அல்லாமல் முன்கூட்டியே ஊன்றிவிட வேண்டும். படம் இரண்டு டீ கிளாஸ்களில் முடிகிறது, நடுவில் ஒரு பூ. டீக்கடைகளின் இரட்டைக் குவளை முறையை அறிந்தவருக்கு அந்தக் காட்சி பேசும். இதை விமர்சனத்தின் கடைசிப் பத்தியில் விளக்க உட்கார்ந்தால் காட்சியின் கனம் போய்விடும், முடிவையும் போட்டுடைத்ததாகிவிடும். பரியனின் ஊரை அறிமுகப்படுத்தும் தொடக்கப் பத்தியிலேயே, ‘தலித்துகளுக்கு டீக்கடையில் தனிக் குவளை வைத்த வரலாறு உள்ள வட்டாரம்’ என்று அரை வாக்கியம் சொல்லிவிட்டால் போதும். வாசகர் படம் பார்க்கும்போது அந்தக் கிளாஸ்களைத் தானே கண்டுகொள்வார்.

எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது. நெல்லைப் பேச்சின் ருசியும், யோகி பாபு வாய் திறந்ததும் அரங்கில் எழும் சிரிப்பும் ஆங்கிலத்தில் வராது. கதைக்கு அவசியமில்லாத இத்தகைய குறிப்புகளை விளக்காமல் வெட்டிவிடுவதே நல்லது.

முடித்ததும் தமிழ்ப் படமே பார்த்திராத ஒருவரிடம் கொடுத்து ஒரே கேள்வி கேட்க வேண்டும்: ஜோ தன் வீட்டுக் கல்யாணத்துக்குப் பரியனை அழைக்கிறாள், அவன் போகலாமா? ‘ஏன், போகட்டுமே’ என்று பதில் வந்தால் மொழிபெயர்ப்பு இன்னும் முடியவில்லை.