‘நல்ல ஆளா?’ என்று கேட்காதீர்கள்

வாடகைக்கு வீடு விடுகிறவர்கள் ஆதார் நகல் வாங்குகிறார்கள், வேலை செய்யும் இடத்தை விசாரிக்கிறார்கள், சம்பளச் சீட்டைப் பார்க்கிறார்கள். ஆனால் வரப்போகிறவர் ஒரு வீட்டில் எப்படிக் குடியிருந்தார் என்பதை நேரில் பார்த்தவர் அவருடைய பழைய வீட்டுக்காரர்தான். அவரிடம் பேசுகிறவர்கள் குறைவு. பேசுகிறவர்களிலும் பலர், “ஆள் எப்படி சார், நல்லவங்கதானே? பிரச்சினை ஒண்ணும் இல்லையே?” என்று கேட்டு, “அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க” என்ற பதிலை வாங்கிக்கொண்டு வைத்துவிடுகிறார்கள். அந்தப் பதிலில் எந்தத் தகவலும் கிடையாது. முகம் தெரியாத ஒருவரிடம் இன்னொரு குடும்பத்தைப் பற்றித் தப்பாகச் சொல்லி, அவர்களுக்குக் கிடைக்கவிருக்கும் வீட்டைக் கெடுக்க யாருக்கும் மனம் வராது. கேள்வியே “இல்லை” என்ற பதிலைக் கையில் கொடுக்கும்போது, அதைச் சொல்லிவிட்டுப் போவதுதான் எளிது.

ஆகவே ஆளைப் பற்றிக் கேட்காமல், நடந்ததைப் பற்றிக் கேட்க வேண்டும். குணத்துக்குச் சான்று கொடுக்கத் தயங்குகிறவர்கூட, வாடகை எந்தத் தேதியில் வந்தது என்பதைத் தயங்காமல் சொல்வார்.

அதற்கு முன், யாரை அழைப்பது என்பதில் ஒரு விஷயம் இருக்கிறது. இப்போது குடியிருக்கும் வீட்டின் உரிமையாளருக்கு இதில் சொந்த லாபநஷ்டம் உண்டு. தொல்லை தரும் குடித்தனக்காரர் எப்படியாவது போனால் சரி என்று அவர் புகழலாம். நல்ல குடித்தனக்காரரை விட மனமில்லாமல் குறையும் சொல்லலாம். அதற்கு முந்தைய வீட்டின் உரிமையாளருக்கு இந்த இரண்டுமே இல்லை. கணக்கு முடிந்து, அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்து, உறவு தீர்ந்துபோனவர் அவர். இருவரிடமும் பேசுவது நல்லது. ஒருவரிடம் மட்டும்தான் பேச முடியும் என்றால் முந்தையவரிடம் பேசுங்கள்.

கொடுக்கப்பட்ட எண்ணில் பேசுகிறவர் உண்மையில் வீட்டுக்காரர்தானா என்பதும் முக்கியம். நண்பரின் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. பழைய வாடகை ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அதில் உரிமையாளரின் பெயர், வீட்டு முகவரி, வாடகை, அட்வான்ஸ் எல்லாம் இருக்கும். போனில் அந்த விவரங்களை நீங்களாகச் சொல்லாதீர்கள். “உங்க வீட்டுல எந்த மாடியில இருந்தாங்க சார்? எப்போ வந்தாங்க? கடைசியா வாடகை எவ்வளவு?” என்று கேட்டு, பதிலை ஒப்பந்தத்தோடு சேர்த்துப் பாருங்கள். வீட்டுக்காரருக்கு மாடி தெரியாமல் இருக்காது. தேதியில் ஒரு மாதம் முன்பின் ஆவது இயல்புதான். மாடியும் வாடகையும் தடுமாறினால் அங்கே சந்தேகப்படலாம். புரோக்கர் மூலமாகக் கேட்பதைத் தவிருங்கள், வீடு முடிந்தால்தான் அவருக்குக் கமிஷன். வரப்போகிறவரிடம், “உங்கள் பழைய வீட்டுக்காரரிடம் பேசப் போகிறேன்” என்று முன்பே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

இனி கேள்விகள். என் கணிப்பில் எல்லாவற்றிலும் அதிகப் பலன் தருவது இதுதான்: “அட்வான்ஸ்ல எவ்வளவு பிடிச்சீங்க? எதுக்கெல்லாம்?” பணம் கைமாறிய விஷயம் என்பதால் உரிமையாளருக்கு நன்றாக நினைவிருக்கும். குறை சொல்கிறோம் என்ற கூச்சமும் வராது, கணக்குத்தானே சொல்கிறார்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம். வேளச்சேரியில் இரண்டு படுக்கையறை வீடு. வாடகை 18,000 ரூபாய், அட்வான்ஸ் 90,000. மூன்று வருடம் இருந்த குடும்பம் காலி செய்தபோது 61,000 ரூபாய் திரும்பக் கிடைத்தது. 29,000 பிடித்தம் என்று கேட்டதும் வீட்டைப் பாழாக்கிவிட்டார்களோ என்று தோன்றும். “எதுக்கு?” என்ற அடுத்த கேள்வி அதைப் பிரித்துக் காட்டும். 18,000 பெயிண்டிங்குக்கு. சென்னையில் ஒரு மாத வாடகையை அதற்குப் பிடிப்பது பரவலான வழக்கம், குடியிருந்தவரின் தவறு ஆகாது. 2,600 கடைசி இ.பி. பில். இங்கே மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால், கடைசிக் கணக்கு பெரும்பாலும் காலி செய்த பிறகுதான் வந்து சேரும். ஆக, விசாரிக்க வேண்டியது மீதி 8,400 ரூபாய் மட்டுமே. அது சமையலறை சிங்க்குக்குக் கீழே இருந்த அலமாரிக் கதவுகள் ஊறி உப்பிப்போனதற்கு.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் குடித்தனக்காரருக்கு அநியாயம் செய்தவர்கள் ஆவோம். “தண்ணி ஒழுகுதுன்னு அவங்க முன்னாடியே சொன்னாங்களா?” என்று கேட்க வேண்டும். “சொன்னாங்க, பிளம்பரை அனுப்ப நமக்குத்தான் கொஞ்சம் லேட் ஆயிடுச்சு” என்று பதில் வந்தால், குறையாகத் தெரிந்தது தலைகீழாகிவிடுகிறது. ஒழுகலைப் பார்த்து உடனே தகவல் சொன்ன குடும்பம் அது. “சொல்லவே இல்ல, காலி பண்ணும்போதுதான் பார்த்தேன்” என்றால் கதை வேறு. குடித்தனக்காரரிடமும் இதே பிடித்தத்தைப் பற்றிக் கேளுங்கள். வீட்டுக்காரர்கள் எல்லோரும் நியாயமாகப் பிடிப்பதில்லை. “ஓயாம போன் பண்ணித் தொல்லை பண்ணுவாங்க” என்று ஒருவர் சொன்னாலும், எதற்காக என்று கேட்காமல் விடாதீர்கள். மோட்டார் ஓடாத வீட்டில் இருப்பவர் போன் செய்யத்தான் செய்வார்.

அடுத்தது வாடகை. “ஒழுங்கா குடுப்பாங்களா?” என்று கேட்டால் “குடுப்பாங்க” என்பதோடு முடிந்துவிடும். “எத்தனாந்தேதி வரும்? தள்ளிப்போன மாசம் உண்டா? அப்போ அவங்களே முன்னாடி சொன்னாங்களா, நீங்க கேட்ட பிறகு சொன்னாங்களா?” என்று கேளுங்கள். மூன்று வருடத்தில் இரண்டு மாதம் தள்ளிப்போவது யார் வீட்டிலும் நடக்கும். ஐந்தாம் தேதிக்குள் தானாகப் போன் செய்து, “சம்பளம் வரல, பதினைஞ்சாம் தேதி தர்றேன்” என்று சொல்லி, அதன்படி கொடுத்தவரை நம்பலாம். ஒவ்வொரு மாதமும் கேட்ட பிறகே கொடுத்தவர், தாமதம் சில நாட்களே ஆனாலும் உங்களையும் கேட்க வைப்பார்.

காலி செய்ததைப் பற்றி இரண்டே கேள்விகள் போதும்: யார் முதலில் சொன்னது, எத்தனை நாள் முன்னால் சொன்னார்கள்.

கடைசியாக, “திரும்ப அவங்களே வீடு கேட்டு வந்தா குடுப்பீங்களா?” என்று கேளுங்கள். இதை முதலில் கேட்கக் கூடாது. தேதிகளையும் பிடித்தங்களையும் நினைவுபடுத்திப் பேசிய பிறகு கேட்டால்தான் பதில் அவற்றிலிருந்து வரும். “தாராளமா” என்று சட்டென்று வருவதும், “ம்ம்... இப்போ வீடு காலி இல்லீங்க” என்று நழுவுவதும் காதுக்கே தெரியும். கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருக்க வேண்டும். இடைவெளியை நிரப்புவதற்காக, “பரவாயில்ல சார், பொதுவாக் கேட்டேன்” என்று சொல்லிவிட்டால், வரவிருந்த பதில் போய்விடும்.

சாதி, மதம், அசைவம் சமைப்பார்களா, தனியாக இருக்கும் பெண் என்றால் யார் வந்து போனார்கள் என்றெல்லாம் விசாரிப்பது நம் ஊரில் சகஜமாகிவிட்டது. அது தவறு. வாடகை வருமா, வீடு பத்திரமாக இருக்குமா என்பதற்கு இந்த விசாரணையில் பதிலும் இல்லை. பழைய வீட்டுக்காரர் தானாக அந்தப் பக்கம் போனால், “வாடகை விஷயம் மட்டும் சொல்லுங்க சார்” என்று பேச்சைத் திருப்பிவிடலாம்.

அவர் போனை எடுக்கவே இல்லை, வெளிநாட்டில் இருக்கிறார், அல்லது பேச விருப்பமில்லை என்றால் அதைக் குடித்தனக்காரரின் குறையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கடைசி 12 மாத வாடகை போன வங்கிக் கணக்கு வரிகளை மட்டும் காட்டச் சொல்லுங்கள், மற்ற செலவுகளை அவர் மறைத்துக்கொள்ளட்டும். எந்தெந்தத் தேதியில் வாடகை போயிருக்கிறது என்பது அதிலேயே தெரியும். ஒழுகலைச் சொன்னாரா இல்லையா என்பதை மட்டும் அந்தத் தாள் சொல்லாது.