பிப்ரவரியில் ஜொலித்தவருக்கு ஐந்து மார்க்

பல நிறுவனங்களில் ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது வேலைக்கணக்கு. மார்ச் கடைசியில் அப்ரைசல் படிவம் மேனேஜரின் கைக்கு வரும். ஒவ்வொருவரின் பன்னிரண்டு மாத உழைப்புக்கும் ஒன்று முதல் ஐந்துக்குள் ஓர் எண் போட வேண்டும். வழக்கமான வேலைகளுக்கு நடுவே அவர் இதற்கென ஒதுக்குவது இரண்டு மூன்று மாலைகள்தான். படிவத்தைத் திறந்ததும் நினைவுக்கு வருவதெல்லாம் ஜனவரி, பிப்ரவரி, மார்ச். போன ஜூனில் யார் என்ன செய்தார்கள் என்று கேட்டால் தலையைச் சொறிய வேண்டியதுதான்.

அண்மையில் நடந்தது பழையதை மறைத்துவிடும் இந்தப் பிழையை ஊழியர்கள் மேனேஜரைவிட நன்றாகவே அறிவார்கள். ஜனவரி பிறந்ததும் சிலர் திடீரென்று சீக்கிரம் வருவதும், எல்லா மெயிலுக்கும் உடனே பதில் போடுவதும் தற்செயல் அல்ல.

இன்னொரு பிழை இதைவிட நுட்பமானது. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் 1920இல் ஒரு கட்டுரை எழுதினார். ராணுவ அதிகாரிகள் தங்களுக்குக் கீழே உள்ளவர்களின் உடற்கட்டு, அறிவு, தலைமைத்திறன், குணம் ஆகியவற்றுக்குத் தனித்தனியே மதிப்பெண் போட்டிருந்தார்கள். அந்த எண்கள் ஒன்றோடொன்று வேண்டிய அளவுக்கு மேல் ஒத்துப்போவதை அவர் கவனித்தார். உடற்கட்டுக்கு நல்ல மதிப்பெண் வாங்கியவர் அறிவிலும் குணத்திலும் நன்றாகவே வாங்கியிருந்தார். ஆளைப் பற்றிய ஒட்டுமொத்த அபிப்பிராயம் ஒவ்வொரு கட்டத்திலும் கசிந்திருந்தது. இதற்குத்தான் ஒளிவட்ட விளைவு என்று பெயர். நன்றாக ஆங்கிலம் பேசுகிறவருக்குத் தொழில்நுட்ப அறிவிலும் ஒரு மார்க் கூடுவது இதனால்தான். ஒருமுறை சண்டை போட்டவருக்கு எல்லாக் கட்டத்திலும் ஒன்று குறைவதும் இதன் மறுபக்கம்.

இரண்டு பிழைகளையும் படிவத்திலேயே பிடித்துவிடலாம். ஐந்து தலைப்புகளிலும் 4, 4, 4, 4, 4 என்று ஒரே எண் வரிசையாக இருந்தால் மேனேஜர் ஐந்து விஷயங்களைப் பார்க்கவில்லை, ஆளைப் பார்த்திருக்கிறார் என்று சந்தேகிக்கலாம். குறிப்புரையில் அவர் சொல்லியிருக்கும் சம்பவங்களின் தேதிகளைப் பாருங்கள். எல்லாமே கடைசி மூன்று மாதத்துக்குள் விழுந்தால் மீதி ஒன்பது மாதம் கணக்கில் வரவில்லை.

ஒரே ஆளுக்கு வேறு மேனேஜர் வேறு எண் போடுவார் என்பதும் உண்டு. 4,492 மேலாளர்களைப் பற்றிய மதிப்பீடுகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2000இல் வெளியானது. மதிப்பெண்களில் தென்பட்ட ஏற்றத்தாழ்வில் பாதிக்கு மேல், மதிப்பெண் போட்டவரின் தனிப்போக்கால் வந்தது என்று அது சொன்னது. அதாவது உங்கள் ரேட்டிங் உங்களைப் பற்றிச் சொல்வதைவிட உங்கள் மேனேஜரைப் பற்றி அதிகம் சொல்கிறது.

இதைச் சரிசெய்யத்தான் காலிபரேஷன் கூட்டம். மேனேஜர்கள் தனித்தனியே போட்ட வரைவு மதிப்பெண்களோடு ஒரே அறையில் உட்கார்ந்து, ஒருவர் மற்றவரிடம் காரணம் கேட்பதுதான் அது. இது முடியும்வரை ஊழியரிடம் எண்ணைச் சொல்லக் கூடாது. கூகுளின் ஆள்வளத் துறைத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் தம் நிறுவனத்துக் கூட்டங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். தொடங்கும்முன் வழக்கமான பிழைகளின் பட்டியலை மேனேஜர்கள் கையில் கொடுத்துவிடுவார்களாம்.

கூட்டத்துக்குள் என்ன நடக்கும் என்பதை ஒரு கற்பனை நிறுவனத்தில் பார்ப்போம். வாடிக்கையாளர்களின் கணினி அமைப்புகளைப் பராமரிக்கும் நிறுவனம். மூன்று டீம்கள், மொத்தம் முப்பது பேர். முதல் லீடின் சராசரி மதிப்பெண் 4.3. இரண்டாமவரின் சராசரி 3.2. “என்கிட்ட அஞ்சு வாங்குற ஆள் இன்னும் பொறக்கல” என்று பெருமையாகச் சொல்பவர் அவர். ஆகவே முதலில் பேசுவது ஆட்களைப் பற்றி அல்ல, எண்களைப் பற்றி. நான்கு என்றால் எப்படிப்பட்ட வேலை, மூன்று என்றால் எப்படிப்பட்ட வேலை என்று உதாரணங்களோடு ஒத்துக்கொள்கிறார்கள். இந்த அரைமணி நேரத்தைத் தவிர்த்துவிட்டால் மீதிக் கூட்டம் வீண்.

முப்பது பேரையும் பேச நேரம் இருக்காது. உச்சியிலும் அடியிலும் இருப்பவர்களையும், இரண்டு எண்ணுக்கு நடுவே ஊசலாடுபவர்களையும் எடுக்கிறார்கள். முதல் லீட் ஓர் இளைஞருக்கு ஐந்து போட்டிருக்கிறார். பிப்ரவரியில் ஒரு வாடிக்கையாளரின் சர்வர் நள்ளிரவில் படுத்துவிட்டது. விடியும்வரை உட்கார்ந்து அதை எழுப்பியவர் அவர். வாடிக்கையாளர் நன்றி மெயில் அனுப்பினார், அதில் டைரக்டரும் சேர்க்கப்பட்டிருந்தார். அதே டீமில் ஒரு பெண்ணுக்கு மூன்று. மார்ச்சில் குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் லீவு போட்டதில் இரண்டு வேலைகள் தாமதமாயின.

“பிப்ரவரிக்கு முன்னாடி இவர் என்ன செஞ்சார் சார்?” என்று மூன்றாவது லீட் கேட்கிறார். பதில் இல்லை. புகார்ப் பதிவேட்டைத் திறக்கிறார்கள். டிஸ்க் நிறையப்போகிறது என்ற எச்சரிக்கை ஜனவரியிலேயே மூன்று முறை அந்த இளைஞருக்கு வந்திருக்கிறது. மூன்று முறையும் பார்க்காமலே மூடப்பட்டிருக்கிறது. அந்தப் பெண் ஜூலையில் பேக்கப் முறையை மாற்றி எழுதியதில் மாதம் நாற்பதாக இருந்த திரும்பத் திரும்ப வரும் புகார்கள் பன்னிரண்டாகக் குறைந்திருக்கின்றன. வராத புகாருக்கு யாரும் நன்றி மெயில் போடுவதில்லை. விவாதத்துக்குப் பின் அவர் மூன்றுக்கு இறங்குகிறார், இவர் நான்குக்கு ஏறுகிறார். இரவு முழுக்க விழித்த உழைப்பு பாராட்டுக்குரியதுதான். ஆனால் அது ஓர் இரவு.

இங்கே தீர்ப்பை மாற்றியது கூட்டம் அல்ல, பதிவேடு. அது இல்லாவிட்டால் மூன்று பேரும் சேர்ந்து பிப்ரவரியைத்தான் நினைத்திருப்பார்கள். காலிபரேஷன் கண்டிப்பானவருக்கும் தாராளமானவருக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும். மறதியை அது தானாகக் குணப்படுத்தாது. மாதம் ஒருமுறை ஒவ்வொருவருக்கும் இரண்டு வரி எழுதி வைக்காத மேனேஜர் கூட்டத்துக்கு வெறுங்கையோடுதான் வருகிறார்.

ஒளிவட்டத்துக்கு வேறு மருந்து இருக்கிறது. நோபல் பரிசு பெற்ற டேனியல் கானமன் விடைத்தாள் திருத்தியபோது ஒரு மாணவரின் தாளை முழுக்கத் திருத்திவிட்டுத்தான் அடுத்ததை எடுப்பாராம். முதல் விடை நன்றாக இருந்தால் அடுத்த விடைகளுக்கும் கை தாராளமாவதை உணர்ந்து முறையை மாற்றினார்: எல்லாருடைய முதல் விடையையும் திருத்தி முடித்த பிறகே இரண்டாவது விடைக்குப் போனார். மேனேஜரும் இப்படியே தொழில்நுட்ப அறிவுக்கு எல்லாருக்கும் போட்டுவிட்டு அடுத்த தலைப்புக்குப் போகலாம். செலவில்லாத இந்த வழியை ஏனோ அதிகம் பேர் கையாள்வதில்லை.

கூட்டமே கெட்டுப்போகும் விதங்களும் உண்டு. டைரக்டர் முதலில் வாயைத் திறந்து, “அந்தப் பையனா, நல்ல பையன்” என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் எதிர்ப்பேச்சுப் பேச மாட்டார்கள். பெரியவர் கடைசியில் பேச வேண்டும் என்ற விதி அதனால்தான். வாய்ச் சாமர்த்தியம் உள்ள லீடின் ஆட்கள் பிழைத்துக்கொள்வதும், அறையில் வேறு யாருக்கும் முகம் தெரியாத ஊழியர் மூன்றோடு முடிவதும் சகஜம். பத்து சதவீதம் பேரைக் கீழே தள்ளியே ஆக வேண்டும் என்ற ஒதுக்கீட்டைக் கூட்டத்துக்குள் நுழைத்துவிட்டால், அது காலிபரேஷன் அல்ல, பங்கீடு.

முடிந்த பிறகும் ஓர் ஆபத்து: “நான் நாலுதான் போட்டேன், மேலதான் கொறச்சுட்டாங்க” என்று கை கழுவும் மேனேஜர். மாற்றிய ஒவ்வோர் எண்ணுக்கும் காரணம் எழுதப்பட வேண்டும், அந்தக் காரணத்தை மேனேஜரே தன் வாயால் சொல்ல வேண்டும்.

ஊழியராக இருப்பவர்கள் ஒன்று செய்யலாம். அடுத்த சுயமதிப்பீட்டில் மூன்று மாதத்துக்கு இரண்டு வேலைகளாவது, தேதியோடும் விளைவோடும் எழுதிக் கொடுங்கள். உங்களுக்காகப் பேசப்போகும் அந்தக் கூட்டத்தில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். அந்தத் தாள் இருக்கும்.